ஒரு படிக்கு ஒரு வேலை, ஒரு சரிபார்ப்பு: ஃபர்னிச்சர் கையேட்டை வீடியோ ஸ்கிரிப்ட் ஆக்கும் முழு வழிகாட்டி

பெட்டியில் பிரித்து வரும் புத்தக அலமாரியோடு ஒரு கையேடு வரும். அதில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. ஆறு படம், ஓரத்தில் "14x" என்று ஒரு எண், பூதக்கண்ணாடி போல ஒரு வட்டத்துக்குள் பெரிதாக்கிய மூலை, குறுக்கே கோடு போட்ட ஒரு தப்பான நிலை. ஒரு படத்துக்குள் எத்தனை வேலை இருந்தாலும் காகிதத்துக்குக் கவலையில்லை. வாங்கியவர் அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம்கூட ஒரே படத்தைப் பார்க்கலாம். வீடியோ அப்படி நிற்காது, தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கையேட்டின் ஒரு படத்தை வீடியோவின் ஒரு காட்சியாக அப்படியே மாற்றினால், பார்ப்பவர் மூன்றாவது பலகையிலேயே தொலைந்துபோகிறார்.

இதற்கு ஒரே ஒரு ஒழுங்கு போதும். ஒவ்வொரு படியிலும் கை செய்யும் வேலை ஒன்றுதான் இருக்க வேண்டும். அது சரியாக முடிந்ததா என்பதை வாங்கியவர் தன் முன்னால் கிடக்கும் பலகையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பாதிதான் ஆளைச் சோதிக்கும்.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். பார்ட்டிகிள் போர்டில் செய்த சாதாரணப் புத்தக அலமாரி. பக்கப் பலகைகள் A, B. மேல்பலகை C, அடிப்பலகை D, நடுவில் நிலையான தட்டு E, அடிப்பலகைக்குக் கீழே முன்பக்கம் வரும் குட்டைப் பலகை F, பின்பக்கம் அடிக்கும் மெல்லிய பலகை G, கழற்றி மாற்றக்கூடிய இரண்டு தட்டுகள் H. C, D, E மூன்றின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு மினிஃபிக்ஸ் போல்ட்டும் இரண்டு மரக் குச்சியும். F பலகையின் முனைக்கு ஒன்று ஒன்று. ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் பிடித்து இறுக்க, பலகைக் குழியில் உட்காரும் ஒரு உலோக வட்டு. ஆக 14 போல்ட், 14 வட்டு, 14 குச்சி.

முதலில் கையை எழுதுங்கள், கையேட்டை அல்ல

கையேட்டைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு அலமாரியை வாங்கி, நீங்களே ஒரு தடவை கோத்துப் பாருங்கள். மேலே ஒரு போனை மாட்டி முழுவதையும் பதிவு செய்யுங்கள். பிறகு அதை ஓடவிட்டு, கை ஒவ்வொரு முறை புதிதாக எதையாவது எடுக்கும்போதும், பலகையைத் திருப்பும்போதும், உங்கள் கண் கையேட்டுக்குத் திரும்பும்போதும் ஒரு வரி எழுதுங்கள். கண் திரும்பிய இடங்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். அந்த இடங்களில்தான் கையேடு எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது.

கையேட்டில் வரையப்படாத வேலைகள் இதில் வெளியே வரும். படம் 1-இல் இரண்டு பக்கப் பலகையும் ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். யார் கிடத்தினார்கள், எந்த முனை எந்தப் பக்கம் என்று படம் சொல்லாது. படம் 4-க்கும் 5-க்கும் நடுவே அலமாரி தானாகவே குப்புறக் கவிழ்ந்துவிடும். கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும் என்பதும் பல கையேடுகளில் முதல் பக்கத்து மூலையில் சின்னதாக இரண்டு மனித உருவமாக மட்டும் இருக்கும்.

ஒரு வேலை என்றால் எவ்வளவு?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியம் எத்தனை வேலையையும் வினையெச்சத்தால் கோத்துக்கொண்டே போகும். "போல்ட்டை எடுத்து, துளையில் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் திருகி, பலகையைத் திருப்பி, மறுபக்கமும் இதேபோல் செய்யுங்கள்." பேச்சில் இது இயல்பு. ஸ்கிரிப்டில் இது ஐந்து படி. வாக்கியத்தில் உள்ள "எடுத்து", "வைத்து", "திருகி" எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொரு அடிக்கோட்டையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது தப்பாக நடக்க வாய்ப்பு உண்டா? போல்ட்டை எடுப்பதில் தப்பு நடக்க வாய்ப்பில்லை என்றால் அது தனிப் படி ஆக வேண்டாம், அடுத்ததோடு சேரட்டும். பாக்கெட்டில் இரண்டு நீளத்தில் போல்ட் இருந்தால் எடுப்பதிலேயே தப்பு நடக்கும். அப்போது எடுப்பதே ஒரு படி.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிமைப்படுத்திய ஆங்கில விதிகளிலும் இதே கறார் உண்டு. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு கட்டளை. ஆனால் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறார்கள். இரண்டு செயல் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும் என்றால் சேர்த்தே சொல்லலாம். நமக்கும் அது வேண்டும். "ஒரு கையால் தட்டை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் வட்டைத் திருப்புங்கள்" என்பதை இரண்டு படியாகப் பிரித்தால், இரண்டாவது படிக்கு வரும்போது பார்ப்பவர் முதல் கையை எடுத்துவிடுவார்.

ஒரே வேலை ஏழு முறை வந்தால் அது ஏழு படி அல்ல. முதல் போல்ட்டை இயல்பான வேகத்தில், வெட்டே இல்லாமல் காட்டுங்கள். மீதி ஆறையும் வேகமாக ஓட்டிவிடலாம். சரிபார்ப்பை மட்டும் ஏழும் முடிந்த பிறகு வையுங்கள்.

சரிபார்ப்பு கண்ணில் படுகிறதா?

"நன்றாக இறுக்குங்கள்", "சரியாகப் பொருத்துங்கள்", "முழுவதும் உள்ளே செலுத்துங்கள்." இந்த மூன்றையும் ஸ்கிரிப்டில் தேடி எடுத்து நீக்குங்கள். நன்றாக என்றால் எவ்வளவு என்பது முதன்முதலாக ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவருக்குத் தெரியாது. பார்ட்டிகிள் போர்டில் இது வெறும் மொழிப் பிரச்சினையும் இல்லை. "நன்றாக" என்று கேட்டதும் போல்ட்டை மேலும் இரண்டு சுற்று முறுக்கினால் துளையின் உள்சுவர் பொடியாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், திருகுப் பகுதி முடியும் இடத்தில் ஒரு சிறிய வளையம் இருக்கும். அந்த வளையம் பலகையின் மேற்பரப்பில் உட்கார்ந்ததும் வேலை முடிந்தது. இப்போது சரிபார்ப்பு கண்ணுக்குக் கிடைத்துவிட்டது: வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. ஏழு போல்ட்டும் முடிந்ததும் கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் ஏழு தலையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டோ சாய்ந்தோ நின்றால் அது உடனே தெரியும்.

நல்ல சரிபார்ப்புக்கு மூன்று தகுதி வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அது கண்ணில் பட வேண்டும். தப்பாகச் செய்தவரிடம் அது "இல்லை" என்று சொல்ல வேண்டும். திரும்ப முடியாத வேலை வருவதற்கு முன்னால் அது வர வேண்டும். இவற்றில் அதிகம் ஏமாற்றுவது இரண்டாவது. படம் 3-ஐப் பிரிக்கும்போது அதைப் பார்ப்போம்.

படம் 1: கிடத்துவதே ஒரு வேலை

பக்கப் பலகைகள் A, B இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிர்மறை. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே திசையில் வைத்துப் போல்ட் போட்டால், அலமாரியின் பாதி கோத்த பிறகுதான் தெரியும். ஸ்கிரிப்ட் இப்படிப் போகலாம்:

> 1அ
> காட்சி: நேர் மேலிருந்து. தரையில் போர்வை. A பலகை, துளைகள் மேலே பார்க்க.
> குரல்: A பலகையைப் போர்வையில் கிடத்துங்கள். துளைகள் மேலே இருக்கட்டும்.
> சரிபார்ப்பு: இரண்டு துளைகள் தனியாக நெருங்கி நிற்கும் முனை உங்கள் காலடியில் இருக்கிறதா?
>
> 1ஆ
> காட்சி: அதே கோணம். B பலகை பக்கத்தில் வருகிறது.
> குரல்: B பலகையை அதன் பக்கத்தில் கிடத்துங்கள்.
> சரிபார்ப்பு: பட்டை ஒட்டிய வழுவழுப்பான விளிம்புகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொடுகின்றனவா?

இந்த அலமாரியில் முன்விளிம்பில் பட்டை ஒட்டியிருக்கும், பின்விளிம்பு மரத்தூள் தெரியும்படி சொரசொரப்பாக இருக்கும். திறந்த புத்தகம்போல இரண்டும் கிடந்து, வழுவழுப்பான விளிம்புகள் நடுவில் சந்தித்தால் இடம் வலம் பற்றிய குழப்பமே வராது. "இடது பலகை, வலது பலகை" என்ற சொற்களை ஸ்கிரிப்டில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அலமாரி நிமிர்ந்திருக்கும்போது, குப்புறக் கிடக்கும்போது, கேமராவுக்கு எதிரில் நிற்பவர் பார்க்கும்போது என்று இடம் ஒவ்வொரு முறையும் மாறும். எழுத்து ஒட்டுங்கள், காலடி, தலைமாடு, சுவர்ப்பக்கம் என்று சொல்லுங்கள். பலகையில் எழுத்து ஸ்டிக்கர் இல்லாவிட்டால், அதைப் பென்சிலால் எழுதச் சொல்வதே ஸ்கிரிப்டின் முதல் வேலை.

1இ, 1ஈ இரண்டும் போல்ட் போடும் படிகள், பலகைக்கு ஏழு. இரண்டும் முடிந்ததும் போல்ட் வைத்த கிண்ணம் காலியாக வேண்டும். ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒரு துளை விடுபட்டிருக்கிறது. காலிக் கிண்ணம் ஒரு விநாடியில் படமாகும் சரிபார்ப்பு. இதற்காகவே, பெட்டியைப் பிரித்ததும் திருகாணி வகைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கொட்டும் காட்சியை முன்னுரையில் வைப்பது வழக்கம்.

படம் 2: குச்சியும் வட்டும்

குச்சி 8 மில்லிமீட்டர் தடிமனும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பலகையின் விளிம்புத் துளையில் அது சுமார் 20 மில்லிமீட்டர் உள்ளே போய், 10 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். பார்ப்பவர் கையில் அளவுகோல் இருக்காது. "சுண்டுவிரல் நகத்தின் நீளம் வெளியே தெரிய வேண்டும்" என்று சொல்லி, குச்சிக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் கறாராக இல்லாவிட்டாலும், பாதிவரை வெளியே நிற்கும் குச்சியை அது பிடித்துவிடும். அந்தக் குச்சிதான் பின்னால் பக்கப் பலகையின் துளையில் அடிமுட்டி, மூட்டு மூடாமல் தடுக்கும்.

வட்டின் முகத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் அதன் வாய் திறந்திருக்கிறது. போல்ட் தலை அந்த வாய்க்குள் வர வேண்டும் என்பதால், அம்பு பலகையின் பக்கத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். சரிபார்ப்பு ஒரே வரி: "14 அம்பும் அருகில் உள்ள விளிம்பைக் காட்டுகின்றனவா?" இதை நேர் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் விளக்கின் பளபளப்பில் அம்பு மறைந்துவிடும். வட்டு வெள்ளிநிறம், அம்பு வெறும் பள்ளம். படப்பிடிப்புக்கு அம்பில் கறுப்பு மார்க்கர் பூசிக்கொள்ளலாம், ஆனால் பூசியிருக்கிறோம் என்பதைத் திரையில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் தன் பாக்கெட்டில் கறுப்பு அம்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

படம் 3: ஏமாற்றும் சரிபார்ப்பு

கையேட்டில் இது ஒரே படம். A கிடக்கிறது, அதன் மேல் C, D, E, F நான்கும் நிற்கின்றன, நான்கு வளைந்த அம்புகள். ஸ்கிரிப்டில் இது 12 படி: ஒவ்வொரு பலகைக்கும் திசை பார்ப்பது, நிறுத்துவது, வட்டைத் திருப்புவது.

முதலில் "E தட்டைப் போல்ட்டுகளின் மேல் நிறுத்துங்கள்" என்று எழுதி, சரிபார்ப்பாக "தட்டின் வழுவழுப்பான விளிம்பும் A-வின் வழுவழுப்பான விளிம்பும் ஒரே பக்கம் இருக்கின்றனவா?" என்று எழுதத் தோன்றும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தட்டைத் தப்பாக நிறுத்த மூன்று வழி உண்டு. முன்பின்னாக மாற்றலாம், தலைகீழாகக் கவிழ்த்து முன்பின்னும் மாற்றலாம், முனைகளை மாற்றிக் கவிழ்க்கலாம். முதல் இரண்டிலும் சொரசொரப்பான விளிம்பு முன்னால் வந்துவிடும், சரிபார்ப்பு பிடித்துவிடும். மூன்றாவதில் வழுவழுப்பான விளிம்பு முன்னாலேயே இருக்கும், வட்டுகள் மட்டும் தட்டின் கீழ்ப்பக்கத்துக்குப் பதிலாக மேல்பக்கம் வந்திருக்கும். சரிபார்ப்பு "சரி" என்று சொல்லும். அலமாரி நிமிர்ந்த பிறகு, புத்தகம் வைக்கும் தட்டின் மேல் நான்கு வட்டக் குழிகள் பல்லிளிக்கும்.

வட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தாலும் இதேபோல் ஒரு தப்பு தப்பித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூன்றும் பிடிபடும். அதற்காக ஒரு படியில் இரண்டு சரிபார்ப்பைத் திணிக்க வேண்டாம். ஒரு வேலைக்கு இரண்டு சரிபார்ப்பு தேவைப்படுகிறது என்றால், அநேகமாக அதற்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. இங்கே ஒளிந்திருப்பது தட்டைத் தரையில் வைப்பதற்கு முன்பே கையில் திருப்பிக்கொள்வது. அதைத் தனிப் படியாக்கினால் இப்படி வரும்:

> 3அ
> காட்சி: இடுப்பளவு. கையில் E தட்டு.
> குரல்: E தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டுகள் அலமாரியின் காலடியைப் பார்க்கட்டும்.
> சரிபார்ப்பு: உங்கள் காலடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு வட்டும் தெரிகின்றனவா?
>
> 3ஆ
> காட்சி: பக்கவாட்டில், தரை மட்டத்தில். தட்டு போல்ட்டுகளின் மேல் இறங்குகிறது.
> குரல்: தட்டைப் போல்ட்டுகளின் மேல் நேராக இறக்குங்கள்.
> சரிபார்ப்பு: இரண்டு வழுவழுப்பான விளிம்புகளும் ஒரே பக்கம் வந்து, மூட்டில் கீற்றளவும் வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா?
>
> 3இ
> காட்சி: வட்டுக்கு மிக அருகில்.
> குரல்: தட்டை அழுத்திப் பிடித்தபடி, வட்டைக் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள்.
> சரிபார்ப்பு: விளிம்பைப் பார்த்திருந்த அம்பு இப்போது விளிம்பை விட்டு விலகி, உள்நோக்கித் திரும்பிவிட்டதா?

C, D இரண்டுக்கும் இதே மூன்று படி திரும்ப வரும், அவற்றிலும் வட்டுகள் கீழ்ப்பக்கம்தான். F மட்டும் விதிவிலக்கு. அது செங்குத்தாக நிற்பதால் வட்டுகள் சுவர்ப்பக்கம் பார்க்கும். "மற்றவற்றைப் போலவே" என்று ஒரு சொல் விழுந்தால் F கெட்டது. மாறும் இடத்தில் குரலும் மாற வேண்டும்.

வட்டைத் திருப்பும் படிக்கு இரண்டு தப்பு நிலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்குள்ளேயே வட்டு முட்டி நின்றால், மூட்டு முழுதாக மூடவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பக் கூடாது, 3ஆ-வுக்குத் திரும்ப வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் முழுச் சுற்றும் சுற்றினால் போல்ட் தலை வாய்க்குள் வரவே இல்லை. சரியான நிலையில் அரைச் சுற்றுக்குச் சற்று முன்போ அதை ஒட்டியோ வட்டு இறுகிவிடும். இந்த மூன்றும் அருகருகே திரையில் மூன்று விநாடி நின்றால், பேச வேண்டிய நாலு வாக்கியம் மிச்சமாகும்.

படம் 4: பார்க்கவும் கை வேண்டும் என்றால்

B பலகையை மேலிருந்து இறக்கும்போது ஏழு போல்ட்டும் ஏழு குச்சியும் ஒரே நேரத்தில் துளை தேட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதைக் குரலில் சொன்னால் போதாது, காட்சியில் நான்கு கைகள் தெரிய வேண்டும். இறக்கியதும் நான்கு மூட்டிலும் வெளிச்சம் பார்ப்பது 4அ, ஏழு வட்டையும் திருப்புவது 4ஆ.

வட்டு இறுகியதுபோல் தோன்றினாலும் போல்ட்டைப் பிடிக்காமல் இருக்கக்கூடும். அதைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, B-யை லேசாக மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் இழுப்பது சரிபார்ப்பின் ஒரு பகுதி அல்ல, அதுவே 4இ என்ற தனி வேலை: "B-யின் விளிம்பை இரண்டு கையாலும் லேசாக மேல்நோக்கி இழுங்கள். மூட்டில் கோடு விரிகிறதா?" விரிந்தால் எந்த மூட்டு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

படம் 5: ஆணி அடிக்கும் முன்

இதுவரை செய்த எதையும் திருப்பிக் கழற்றலாம். ஆணி அடித்த பிறகு முடியாது. 3 மில்லிமீட்டர் பின்பலகையில் ஆணியைப் பிடுங்கினால் துளை கிழிந்துபோகும். அதனால் ஸ்கிரிப்டின் மிக மெதுவான இடம் இதுவாக இருக்க வேண்டும். அவசரமாக முடிக்கப் பார்க்கும் தயாரிப்பாளரோடு இந்த இடத்தில் சண்டை போடலாம்.

அலமாரி சதுரமாக இருக்கிறதா என்பதை எப்படிக் காட்டுவது? டேப் இருப்பவர்கள் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுத்து ஒப்பிடுவார்கள். டேப் இல்லாத வீட்டில் ஒரு நூல் போதும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்து, முடியும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே நூலை மற்ற குறுக்கில் பிடித்தால் முடிச்சு மூலையில் விழ வேண்டும். விழாவிட்டால் நீளமான குறுக்கின் மூலையை உள்ளே தள்ள வேண்டும். கண்ணுக்கு இதைவிடத் தெளிவான சரிபார்ப்பு எனக்குத் தெரியாது.

வரிசையும் முக்கியம். குப்புறக் கிடத்துவது 5அ. G பலகையை வைப்பது 5ஆ. நான்கு பக்கமும் ஓரம் ஒரே அளவில் தெரிய வேண்டும். நான்கு மூலை ஆணி மட்டும் பாதிவரை அடிப்பது 5இ. நூல் 5ஈ. மீதி ஆணிகளை அடித்து முடிப்பது 5உ. நூலைப் பார்த்துவிட்டுத்தான் ஆணி முழுதாக இறங்க வேண்டும் என்பதற்காகவே மூலை ஆணிகள் பாதியில் நிற்கின்றன. 5உ-வின் சரிபார்ப்பு அலமாரியின் உள்ளே இருக்கிறது: எந்த ஆணியின் முனையும் பக்கப் பலகையின் உள்முகத்தைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கக் கூடாது. இதற்குக் கேமரா உள்ளே போக வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் எல்லா ஆணியும் அழகாகத்தான் தெரியும்.

படம் 6-இல் நான்கு படிதான்: இரண்டு பேராக நிமிர்த்துவது, தட்டு முளைகளைச் செருகுவது, H தட்டுகளை வைப்பது, அலமாரியைச் சுவரோடு பிணைப்பது. கடைசிப் படியைப் பல வீடியோக்கள் "விரும்பினால்" என்று சொல்லி வெட்டிவிடுகின்றன. குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் அலமாரி முன்னால் சாயும். அதனால் அலங்கரித்த அலமாரியின் காட்சி பிணைப்புக்குப் பிறகுதான் வர வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் அங்கேயே வீடியோவை மூடிவிடுவார்.

ஆக 4, 2, 12, 3, 5, 4. ஆறு படம் 30 படியாகியிருக்கிறது.

படப்பிடிப்புக்குப் போகும் முன் சில முடிவுகள்

குரல் முடிந்த பிறகு சரிபார்ப்புக் காட்சி அசையாமல் நான்கு விநாடி நிற்கட்டும். இசை இருந்தால் அங்கே தாழட்டும். பார்ப்பவர் தலையைத் தூக்கித் தன் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப அந்த நேரம் வேண்டும். சரிபார்ப்புக் கேள்வி எழுத்திலும் திரையில் இருக்க வேண்டும். ஃபேன் ஓடும் அறையில், சுத்தியல் சத்தத்தில், ஒலியை நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

தப்பு நிலையைக் காட்டலாமா என்பதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சரியான நிலைக்குப் பிறகுதான் அது வர வேண்டும், திரை முழுவதும் பெருக்கல் குறி இருக்க வேண்டும், கை அதில் வேலை செய்யக் கூடாது. கை தப்பாகச் செய்வதைப் படமாக்கினால், நடுவில் தள்ளிப் பார்க்கிறவர் அதையே செய்முறை என்று எடுத்துக்கொள்வார்.

யூடியூப்பில் போடுவதாக இருந்தால் அத்தியாயக் குறிகளை விளக்கத்தில் எழுதுங்கள். முதல் குறி 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. 30 படிக்கும் குறி வைத்தால் பட்டை நொறுங்கிப்போகும். படத்துக்கு ஒன்று போதும்:

```
0:00 பிரித்து எண்ணுதல்
1:10 படம் 1 – பக்கப் பலகைகள்
3:05 படம் 2 – குச்சியும் வட்டும்
4:20 படம் 3 – தட்டுகளை நிறுத்துதல்
```

காகிதத்திலேயே சோதித்துப் பாருங்கள்

ஒரு ஷாட் எடுப்பதற்கு முன், அலமாரி கோத்துப் பழக்கமில்லாத ஒருவரை உட்கார வைத்து, ஸ்கிரிப்டின் குரல் வரிகளையும் சரிபார்ப்பையும் மட்டும் படித்துக் காட்டுங்கள். காட்சியை விவரிக்காதீர்கள், கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். அவர் "எந்தப் பக்கம்?" என்று கேட்ட வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே சொல் போதவில்லை, காட்சி அதைச் சுமக்க வேண்டும். அவர் தப்பாகச் செய்துவிட்டு, சரிபார்ப்பைப் பார்த்து "ம், சரியாக இருக்கிறது" என்று சொன்னால் அது இன்னும் முக்கியமான குறி. அங்கே மாற்ற வேண்டியது வேலையை அல்ல, சரிபார்ப்பை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். நீங்களே வேண்டுமென்று ஒரு வட்டை 90 டிகிரி தள்ளி வைத்து, ஒரு தட்டை முனை மாற்றிக் கவிழ்த்து வைத்து, சரிபார்ப்பு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவரைத் தேடச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடிக்காத தப்பு எதுவோ, அந்தப் படியின் சரிபார்ப்பு இன்னும் எழுதப்படவில்லை என்று கொள்ளலாம்.

படி எண்ணைக் கையேட்டின் பட எண்ணோடு கட்டி வைத்ததற்கு (3அ, 3ஆ, 3இ) ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலை அடுத்த தொகுதியில் வட்டை மாற்றினால், ஆணிக்குப் பதில் திருகாணி கொடுத்தால், கையேட்டில் எந்தப் படம் மாறியதோ அதற்குரிய ஷாட்டுகளை மட்டும் திரும்ப எடுத்துச் சொருகலாம். அதற்காக ஒவ்வொரு படியின் குரலையும் தனிக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். "இப்போது", "அடுத்ததாக", "முன்பு பார்த்ததுபோல" என்று முந்தின படியோடு ஒட்டும் சொற்கள் எந்தக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கக் கூடாது.